லோயர், ஹையர், டி.டி.சி.: பாட்டு வாத்தியார் சான்றிதழின் கதை

கூட்டம் முடிந்து பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும் தம்பி, தங்கைகள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எனக்கு நல்லா அடிக்கத் தெரியும், பாடத் தெரியும். அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர் ஆக முடியுமா?" முடியும் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த "முடியும்" என்பதற்குள் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் போட்டால், நாம் எதற்குள் நுழைகிறோம், எதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நுழைகிறோம் என்பது புரியாது.

முதலில் வழியைச் சொல்லிவிடுவோம். தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் "தொழில்நுட்பத் தேர்வுகள்" என்ற பெயரில் சில தேர்வுகளை நடத்துகிறது. ஓவியம், தையல், கைத்தறி நெசவு, விவசாயம், அச்சுக்கலை ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் இசையும் இருக்கிறது. இதில் இரண்டு படிகள். ஊரில் யாரும் அவற்றைத் தமிழில் சொல்வதில்லை. லோயர், ஹையர் என்றுதான் சொல்வார்கள். இவற்றுக்கு மேல் "தொழிலாசிரியர் சான்றிதழ்" என்று ஒரு கோடைகாலப் பயிற்சி. இதுதான் டி.டி.சி. 42 நாட்கள் நடக்கும். வகுப்பறையில் எப்படிப் பாடம் நடத்துவது என்பதைச் சொல்லித்தரும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஹையர் அல்லது அதற்கு இணையாக அரசு ஏற்றுக்கொண்ட பட்டயம், அதோடு டி.டி.சி. இவை கையில் இருந்தால் பள்ளியில் இசைக்கான "சிறப்பாசிரியர்" பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த வழியில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. விண்ணப்பத்தில் "உன் குரு யார்" என்ற கட்டம் கிடையாது. "உன் தாத்தா எந்தக் கோயிலில் வாசித்தார்" என்ற கேள்வி கிடையாது. யாரிடம் கற்றாலும், தானாகவே கற்றாலும், தேர்வில் தேறினால் போதும். இது சின்ன விஷயமில்லை என்பதை உணர, இந்தத் தேர்வுகளுக்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

தேர்வுக்கு முன்னால்

தேர்வு வருவதற்கு முன் இசை கற்பது என்றால் குருவின் வீட்டில் தங்கிக் கற்பது. அந்த வீடு அக்ரஹாரத்தில் இருக்கும், இல்லையென்றால் கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் இருக்கும். நம் பாட்டன்மார் அந்த வீதிகளில் நடப்பதற்கே தடை இருந்த காலம் அது. வீட்டுக்குள் தங்கி, சமையலறைக்குப் பக்கத்தில் படுத்து, குருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக் கற்கும் முறையில் தீண்டாமை தனியாக ஒரு விதியாக எழுதப்பட வேண்டிய தேவையே இருக்கவில்லை. இசை கேட்கும் இடமாக இருந்த கோயிலும் அப்படித்தான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939-ல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல். அதுவரை கோயில் மண்டபத்தில் வாசிக்கப்பட்ட நாதசுரம் மதிலைத் தாண்டி எவ்வளவு கேட்டதோ அவ்வளவுதான் நமக்கு.

இங்கே ஒரு விஷயத்தை நாணயமாகச் சொல்ல வேண்டும். பார்ப்பனர்கள் இசையைக் கைப்பற்றினார்கள் என்று சொல்லி நாம் அடிக்கடி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மை. அவர்களுக்கு முன் நாதசுரம், தவில், சதிர், நட்டுவாங்கம் எல்லாவற்றையும் கைவசம் வைத்திருந்தது இன்று இசை வேளாளர் எனப்படும் சமூகம். அவர்களும் தங்கள் கலையைத் தங்கள் பிள்ளைகளுக்கும் உறவுக்கும் கற்றுக்கொடுத்தார்களே தவிர, சேரிப் பிள்ளைக்கு நாதசுரத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. குருகுலம் என்பது கலையின் பெயரால் நடந்த பிறப்புரிமை. அதை உடைத்ததில் தேர்வுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் "சான்றிதழ் கலையைக் கெடுத்துவிட்டது, குருகுலமே சிறந்தது" என்று யாராவது மேடையில் உருகும்போது நாம் கூட உருக வேண்டியதில்லை.

ஐந்தே ஆண்டுகளில் மாறிய வாசல்

வீட்டிலிருந்து இசை வகுப்பறைக்கு வந்த காலத்தைத் துல்லியமாகவே சொல்லலாம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1931-ல் மியூசிக் அகாடமி இசை ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கியது. 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைக்குப் பட்டயப் படிப்பு வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் இசை ஆசிரியர் என்றால் யார் என்ற கேள்விக்கு விடை மாறத் தொடங்கியது. அதுவரை "இன்னாருடைய சீடர்" என்பது தகுதி. இதன்பின் "இன்ன பட்டயம் பெற்றவர்" என்பது தகுதி.

வகுப்பறைக்குப் பாடநூல் வேண்டும், பாடநூலுக்குப் படிநிலை வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்கு நீண்ட காலம் தலைவராக இருந்த பி. சாம்பமூர்த்தி தென்னிந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் படிப்படியாகப் பல பாகங்கள் எழுதினார். இசையைப் பாகம் பாகமாக, வகுப்பு வகுப்பாகப் பிரிக்கலாம் என்பதை நிலைநிறுத்தியதில் அந்த நூல்களுக்குப் பெரிய பங்குண்டு. இன்றைக்கு எந்த இசைத் தேர்வின் பாடத்திட்டத்தை எடுத்தாலும் அதே வரிசைதான்: சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், பிறகு கீர்த்தனை. கூடவே தியரி என்று ஒரு தாள்.

இந்த அமைப்புகளை நடத்தியவர்களும் பாடத்திட்டம் எழுதியவர்களும் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த உயர்சாதியினர், அவர்களிலும் பார்ப்பனர்களே மிகுதி. இசை வேளாளர்கள் அங்கே அறவே இல்லை என்று சொல்ல முடியாது. தஞ்சை நால்வரின் வழிவந்த பொன்னையா பிள்ளை சிதம்பரத்தில் பேராசிரியராக இருந்தார். ஆனால் அவர்கள் அமர்த்தப்பட்டவர்கள், அமர்த்தியவர்கள் வேறு. 1940-களில் எழுந்த தமிழிசை இயக்கம் மேடையில் தெலுங்குக்கும் சமஸ்கிருதத்துக்கும் மட்டுமே இடம் இருப்பதைக் கேள்வி கேட்டது, 1943-ல் தமிழ் இசைச் சங்கம் கண்டது. மொழிக்காக நடந்த அந்தச் சண்டையில் சாதி ஒரு கேள்வியாகவே வரவில்லை. எந்த மொழியில் பாடுவது என்று இரண்டு தரப்பும் மோதின. யார் பாடுவது என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தேர்வு எதைக் கேட்கிறது

இப்போது தேர்வுத் தாளுக்குள் போவோம். பறையடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம், நம்மில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். பத்து வயதிலிருந்து அவளுக்குத் தாளம் கையில் இருக்கிறது. சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, ஒத்தையடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றும் எங்கே அடிப்பது, எவ்வளவு வேகத்தில் எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியும். வலக்கை அடிக்குச்சியும் இடக்கை சிண்டுக்குச்சியும் வேறு வேறு கணக்கில் ஓடினாலும் அவளுக்குத் தடுமாற்றம் இல்லை. குளிரில் தோல் தளர்ந்தால் எவ்வளவு நேரம் தீயில் காட்ட வேண்டும் என்பதைக் காதால் கேட்டே சொல்வாள்.

அவள் தியரித் தாளில் தாளம் பற்றிய கேள்வியைப் பார்க்கிறாள். "35 தாளங்களின் அட்டவணை எழுதுக." இது என்ன கணக்கு? துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று ஏழு தாளங்கள். ஒவ்வொன்றிலும் லகு என்ற உறுப்பு வரும். அந்த லகு 3, 4, 5, 7, 9 என்று ஐந்து அளவுகளை எடுக்கலாம். இவை ஐந்து ஜாதிகள். ஏழை ஐந்தால் பெருக்கினால் 35. திரிபுடை என்றால் ஒரு லகு, இரண்டு திருதம். லகுவுக்கு 4, திருதத்துக்கு 2 வீதம் என்றால் 4+2+2, மொத்தம் 8. இதுதான் நாம் ஆதிதாளம் என்று சொல்வது. ஜம்பை என்றால் ஒரு லகு, ஒரு அனுதிருதம், ஒரு திருதம். லகுவை 7 ஆக எடுத்தால் 7+1+2, மொத்தம் 10. துருவ தாளத்தை 9 அளவில் எடுத்தால் 9+2+9+9 என்று 29 வரைக்கும் போகும்.

கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்தால் எந்தப் பிள்ளையும் கற்றுவிடும். ஆனால் கச்சேரிக்குப் போய்க் கேளுங்கள். மேடையில் திரும்பத் திரும்ப வருவது ஆதி, ரூபகம், கண்டசாபு, மிஸ்ரசாபு. இதில் சாபு தாளங்கள் இரண்டும் அந்த 35-க்குள் கிடையாது! மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழாக நடக்கும் மிஸ்ரசாபு நடையை நம் மாணவி தூக்கத்தில் கூடத் தப்பில்லாமல் அடிப்பாள். அட்டவணையில் அதற்கு இடமில்லை. யாரும் மேடையில் எடுக்காத 29 அட்சரத் துருவத்துக்கு இடம் உண்டு. எழுத்தில் அடுக்க வசதியானது எதுவோ அதுவே அறிவு என்றும், கையில் இருப்பது பழக்கம் என்றும் ஆகிவிடுகிறது.

ராகத்துக்கு வருவோம். "புன்னாகவராளி எந்த மேளத்தில் பிறந்தது?" என்று ஒரு கேள்வி. மகுடியில் பாம்பாட்டி ஊதும் மெட்டாக ஊரறிந்த ராகம் அது. விடை: 8-வது மேளகர்த்தாவான அனுமத்தோடியின் ஜன்யம். நாதநாமக்கிரியை? 15-வது மாயாமாளவகௌளையின் ஜன்யம். செஞ்சுருட்டி? 28-வது அரிகாம்போதியின் ஜன்யம். ஜனகம் என்றால் பெற்றது, ஜன்யம் என்றால் பிறந்தது. 72 மேளங்கள் பெற்றோர். மற்ற ராகங்கள் எல்லாம் பிள்ளைகள்.

இந்த 72 என்ற திட்டத்தை வகுத்தவர் 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் இருந்த வேங்கடமகி. ஏழு ஸ்வரங்களைக் கணக்குப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் 72 வரும் என்று அவர் காட்டினார். அந்த 72-ல் அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை 19 என்று அவரே சொல்கிறார். மற்றவை வெறும் கட்டங்களாக இருந்தன. பின்னால்தான் அவற்றுக்குப் பாட்டுகள் நிரம்பின. அதாவது மக்கள் வாயில் வாழ்ந்துகொண்டிருந்த மெட்டுகளை ஒரு பட்டியலுக்குள் வைப்பதற்காகப் பின்னால் உருவாக்கப்பட்டது "பெற்றோர்" என்ற தகுதி. மெட்டுகளை வகைப்படுத்தியதில் தவறில்லை. எந்தத் துறையிலும் வகைப்படுத்தல் வேண்டும். ஆனால் "எதில் பிறந்தது" என்று கேட்டுப் பழக்கும்போது, பாம்பாட்டியின் மெட்டு ஏதோ ஒரு பெரிய வீட்டில் பிறந்து தெருவுக்கு வந்தது போல ஒரு கதை பிள்ளையின் மனதில் பதிகிறது. பிறப்பைப் பின்னால் எழுதிச் சேர்க்கும் வேலையை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

நம் மாணவி இந்தத் தாளில் தோற்றுவிடுவாளா? இல்லை. படித்தால் தேறிவிடுவாள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவள் ஏற்கெனவே கொண்டுவந்த அறிவுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. பூஜ்யத்தில் தொடங்குகிறாள். ஆத்துக்காரர் வீட்டு நவராத்திரிக் கொலுவில் பாடிப் பழகிய பிள்ளை அதே நாளில் வந்தால், அந்தப் பிள்ளை பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. கீதமும் வர்ணமும் அதன் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. நம் மாணவி அவற்றைப் பாடிக் காட்டும் அளவுக்கு வர, தனி வகுப்புக்குப் பணம் கொடுத்து ஆண்டுக்கணக்கில் போக வேண்டும். பொதுத் தேர்வு என்பது எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோடு யார் வீட்டு வாசலில் போடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

சதிர் சொல்லும் எச்சரிக்கை

நடனத்தின் கதை இன்னும் கூர்மையானது. நமக்கு வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே சொல்வது.

இன்று பரதநாட்டியத் தேர்வு எழுதும் பிள்ளை அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையைக் கற்கிறது. இந்த வரிசையை வகுத்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள். நட்டுவனார் குலத்தவர்கள். அதை ஆடியவர்கள் தேவதாசிப் பெண்கள். ஆட்டத்தின் பெயர் சதிர்.

1920-களின் இறுதியில் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டம் கேட்டார். 1947-ல் முழுச் சட்டம் வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் கொடுமை ஒழிய வேண்டியதுதான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. 1932-ல் மியூசிக் அகாடமி இந்த ஆட்டத்தைப் பரதநாட்டியம் என்று அழைக்கத் தீர்மானித்தது. ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-ல் மேடை ஏறினார். 1936-ல் கலாக்ஷேத்ரா தொடங்கினார். ஆரம்பத்தில் அங்கே கற்பித்தவர்கள் நட்டுவனார்கள். 1940-களில் அவர்கள் விலகிய பின், அங்கேயே படித்துத் தேறிய மாணவிகள் ஆசிரியர்களாகி நட்டுவாங்கத்தையும் கையில் எடுத்தார்கள். ஒரு தலைமுறைக்குள் கலை நின்றது. அதைக் கொண்டுவந்தவர்கள் நிற்கவில்லை. ஆடிய பெண்களின் பேத்திகளில் பலர் ஆட்டத்தையே மறைத்து வாழ்ந்தார்கள். ஆடுவது அவர்களுக்கு அவமானம். பட்டயத்தோடு ஆடுவது மற்றவர்களுக்குப் பெருமை.

இன்றைய நடனத் தேர்வின் தியரித் தாளில் அபிநய தர்ப்பணம் சொல்லும் 28 ஒற்றைக்கை முத்திரைகளைச் சமஸ்கிருதச் சுலோகத்தோடு ஒப்பிக்க வேண்டும். பரத முனிவரைப் பற்றி எழுத வேண்டும். அந்தத் தாளில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, தான் ஆடும் வர்ணத்தை நூறாண்டுக்கு முன் ஆடிய பெண்ணைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் இருக்கலாம். அரசுப் பள்ளிகளின் சிறப்பாசிரியர் பணிகள் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை என்றே இருப்பதால், நடனச் சான்றிதழ் பெரும்பாலும் தனியார் பள்ளிக்கும் சொந்த வகுப்புக்குமே பயன்படுகிறது. அரங்கேற்றத்துக்கு லட்சங்களில் செலவிடும் வீடுகளே அதன் சந்தை.

நினைவில் வையுங்கள்: பிறப்பின் பூட்டை உடைத்த அதே சான்றிதழ்தான் கலையைக் கொண்டுவந்தவரைத் தகுதியில்லாதவர் ஆக்கியது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன. ஒன்றை மட்டும் சொல்பவர் பாதிக் கதை சொல்பவர்.

எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்

தமிழ்நாடு அரசு 17 மாவட்ட இசைப்பள்ளிகள் நடத்துகிறது. மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவை பாடங்கள். ஆண்டுதோறும் வரும் சேர்க்கை விளம்பரத்தைக் கவனித்துப் பாருங்கள். குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இது சலுகையாகத்தான் கொடுக்கப்பட்டது. பள்ளிக்கூடம் போகாமல் கோயிலில் வாசிக்கப் பழகும் பிள்ளைகளும் சேரட்டும் என்ற நல்ல நோக்கம். ஆனால் பின்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். பள்ளி ஆசிரியர் பணிக்கு அடிப்படையே பத்தாம் வகுப்பு. எழுதப் படிக்கத் தெரிந்ததோடு உள்ளே வந்த தவில் மாணவர், மூன்றாண்டு முடித்து அருமையாக வாசித்தாலும், அந்த வாசலுக்கு வர முடியாது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிக்கப் போவார். பள்ளியில் நிரந்தரச் சம்பளம் குரலிசைக்காரருக்கு.

இந்த ஏழு பாடங்களில் பறை இல்லை. அண்மை ஆண்டுகளில் நாட்டுப்புறக் கலைகளுக்கு அரசு பகுதிநேரப் பயிற்சி தொடங்கியிருக்கிறது, வரவேற்கிறோம். பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பறையடித்துப் பரிசு வாங்குகிறார்கள், மகிழ்கிறோம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, பெருமைப்படுகிறோம். ஆனால் பத்மஸ்ரீ வரைக்கும் போன பறைக்கு ஒரு லோயர் கிரேடு கிடையாது. லோயர் இல்லை என்றால் ஹையர் இல்லை. ஹையர் இல்லை என்றால் டி.டி.சி. இல்லை. டி.டி.சி. இல்லை என்றால் பணியிடம் இல்லை. விருது ஒருவருக்கு ஒருநாள் கிடைப்பது. பணியிடம் ஒரு தலைமுறைக்குக் கிடைப்பது.

அப்படியானால் என்ன கேட்பது?

பறைக்கும் தேர்வு வை என்று கேட்கலாம். நம் தோழர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. சாவு வீட்டில் கட்டாயப்படுத்தி அடிக்க வைத்ததை எதிர்த்துப் பறையைக் கீழே போட்டவர்கள் நம் முன்னோரில் பலர். அதை மறுபடி பள்ளியில் கொண்டுவந்தால் நம் பிள்ளைகளை மட்டும் அங்கே தள்ளுவார்கள் என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. பறை விடுதலையின் கருவி, அதை எல்லோரும் கற்கட்டும் என்பவர்களின் வாதமும் நியாயமானது. இரண்டுக்கும் நடுவில் சதிரின் கதை நிற்கிறது. தேர்வு வந்தது, மரியாதை வந்தது, கொண்டுவந்தவர் வெளியே போனார்.

அதனால் வெறுமனே "தேர்வு வேண்டும்" என்று கேட்பது போதாது. மூன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். முதலாவது, பாடத்திட்டம் எழுதும் குழுவிலும் செய்முறைத் தேர்வு எடுக்கும் நாற்காலியிலும் ஆசான்கள் உட்கார வேண்டும். அடிகளின் பெயரைப் புத்தகத்தில் படித்தவர், அதை வாழ்நாளெல்லாம் அடித்தவருக்கு மதிப்பெண் போடும் நிலை வரக்கூடாது. இரண்டாவது, இத்தனை ஆண்டுகள் கற்பித்த ஆசான்களுக்கு, எழுத்துத் தேர்வோ பத்தாம் வகுப்போ கேட்காமல், செய்து காட்டும் திறனை வைத்து ஒருமுறைச் சான்றிதழ் தர வேண்டும். மூன்றாவது, தியரித் தாள் வந்தால் அதில் பறையடித்தவர்களின் வரலாறும் அடிக்க மறுத்தவர்களின் வரலாறும் பாடமாக இருக்க வேண்டும். அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் பாடநூல் நமக்கு வேண்டாம்.

அதுவரை, முதலில் கேட்ட தம்பிக்கும் தங்கைக்கும் நாம் சொல்வது இதுதான்: லோயர் எழுதுங்கள், ஹையர் எழுதுங்கள். அந்தச் சான்றிதழ் யாருடைய சொத்தும் இல்லை. எழுதும் முன் இரண்டைக் கவனியுங்கள். "கிரேடு தேர்வு" என்ற பெயரில் பல தனியார் அமைப்புகளும் வெளிமாநில அமைப்புகளும் தேர்வு நடத்துகின்றன. அழகான சான்றிதழும் நீண்ட பட்டமும் தருவார்கள். அரசுப் பணிக்கு அது செல்லுமா என்பதை அந்த அமைப்பிடம் கேட்காதீர்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையில் தகுதிப் பகுதியை எடுத்து, உங்கள் சான்றிதழின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் இணையானது என்று சொல்லும் அரசாணை எண்ணைக் கேளுங்கள். எண் சொல்ல முடியாதவரிடம் பணம் கட்டாதீர்கள். அடுத்து, சான்றிதழ் வாங்கிய மறுநாளே வேலை கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். 2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்களின் பணி நிரந்தரக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றது. சான்றிதழ் வாசலைத் திறக்கும். உள்ளே நாற்காலி போடுவது அரசு. அதற்குத் தனியாகப் போராட வேண்டும்.

தேர்வு அறைக்குள் போகும்போது 35 தாளங்களையும் பிழையில்லாமல் எழுதுங்கள். வெளியே வந்ததும் மிஸ்ரசாபுவை அடித்துப் பாருங்கள். நாளை நீங்கள் பாட்டு வாத்தியாராக ஒரு வகுப்பில் நிற்கும்போது, அட்டவணையில் இல்லாத அந்தத் தாளத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.